லட்சம், கோடியில் காற்புள்ளி இடுவதும் காசோலைக்குத் தொகையைத் தமிழில் எழுத்தாக்குவதும்: எக்செல் வழிகாட்டி

ஒரு கோடியே இருபத்தொரு லட்சத்துச் சொச்சம் உள்ள ஒரு தொகையை எக்செல்லில் தட்டினால் பல கணினிகளில் அது 12,140,905.50 என்று நிற்கும். இலக்கங்களில் பிழையில்லை. ஆனால் லட்சத்தில் பழகிய கண்ணுக்கு அது பன்னிரண்டு லட்சமா, ஒரு கோடியா என்பது உடனே பிடிபடாது. விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கும். அதே தொகை 1,21,40,905.50 என்று வந்தால் பார்த்த நொடியில் வாய் தானாகப் படித்துவிடும். காசோலை எழுதும் மேசையில் இந்த வேறுபாடு பணம் சம்பந்தப்பட்டது. தவறாகப் படித்த இலக்கம்தான் தவறான எழுத்தாக மாறுகிறது.

இந்த வழிகாட்டி இரண்டு வேலைகளைச் சொல்கிறது. ஒன்று, காற்புள்ளியை நம் முறையில் வரவைப்பது. மற்றொன்று, அதே தொகையைப் பிழையில்லாத தமிழ்ச் சொற்களாக மாற்றுவது. தாய்லாந்து நாணயமான பாட்டுக்கு எக்செல்லில் `BAHTTEXT` என்ற சார்பு உண்டு. ரூபாய்க்கு அப்படி எதுவும் இல்லை, நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். மேக்ரோ இல்லாமலே கட்டலாம்.

காற்புள்ளி: முதலில் விண்டோஸில் பாருங்கள்

எக்செல் இலக்கங்களைப் பிரிக்கும் முறையை விண்டோஸிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே கணினி உங்களுடையது என்றால் அங்கேயே சரிசெய்வதுதான் நல்லது. `Control Panel` திறந்து `Region` போய், `Additional settings` அழுத்துங்கள். `Numbers` தாவலில் `Digit grouping` என்ற பட்டியலில் `12,34,56,789` என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நாணயத்துக்கான `Currency` தாவலிலும் இதே தேர்வு தனியாக இருக்கும், அதையும் மாற்றுங்கள். எக்செல்லை மூடித் திறந்தால் வழக்கமான `#,##0.00` வடிவமே லட்சக் கணக்கில் காட்டும். கழித்தல் குறியுள்ள தொகைகளும் சரியாக வரும்.

இதன் குறை ஒன்றுதான். இந்த அமைப்பு கணினிக்குச் சொந்தமானது, கோப்புக்குச் சொந்தமானது அல்ல. நீங்கள் அனுப்பிய கோப்பை வேறு அமைப்புள்ள கணினியில் தணிக்கையாளர் திறந்தால் அவருக்கு 12,140,905.50 என்றே தெரியும். உள்ளே இருக்கும் எண் மாறுவதில்லை, தோற்றம் மட்டுமே மாறும்.

கூகுள் ஷீட்ஸில் இந்த அமைப்பு கோப்போடு சேர்ந்தது. `File`, பிறகு `Settings`, அதில் `Locale` என்பதை `India` ஆக்கினால் போதும். பகிர்ந்துகொள்ளும் எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

கோப்போடு போகும் வடிவம்

எக்செல் கோப்பு எந்தக் கணினிக்குப் போனாலும் லட்சத்தில் தெரிய வேண்டும் என்றால், வடிவத்தைக் கட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும். தொகைகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்துங்கள். `Custom` என்பதில் `Type` பெட்டியில் இதை ஒட்டுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

மூன்று பகுதிகள் இருக்கின்றன. தொகை ஒரு கோடி அல்லது அதற்கு மேல் என்றால் முதல் பகுதி, ஒரு லட்சம் முதல் கோடிக்குள் என்றால் இரண்டாவது, மீதி எல்லாவற்றுக்கும் மூன்றாவது. காற்புள்ளிக்கு முன்னால் உள்ள சாய்கோடுதான் இதில் முக்கியம். வெறும் காற்புள்ளியை இலக்கக் குறிகளுக்கு நடுவில் எங்கே வைத்தாலும் எக்செல் அதை “கணினியின் வழக்கப்படி பிரி” என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். சாய்கோடு போட்டால்தான் அதை ஒரு வெற்று எழுத்தாக, வைத்த இடத்திலேயே அச்சிடும். சாய்கோட்டை விட்டுவிட்டு “வடிவம் வேலை செய்யவில்லை” என்று தேடுவோர் நிறையப் பேர்.

இந்த வடிவத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. எக்செல் ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் ஏற்காது. அந்த இரண்டையும் லட்சத்துக்கும் கோடிக்கும் செலவழித்துவிட்டோம். அதனால் கழித்தல் குறியுள்ள ஐந்து லட்சம் மூன்றாவது பகுதியில் விழுந்து -500,000.00 என்றுதான் வரும். வரவும் செலவும் ஒரே நெடுவரிசையில் கலந்திருக்கும் பேரேட்டுக்கு விண்டோஸ் அமைப்பே ஏற்றது. காசோலைத் தொகைகளில் கழித்தல் வராது என்பதால் அங்கே இந்த வடிவம் நன்றாகவே போதும்.

இரண்டாவது எல்லை கொஞ்சம் ஒளிந்திருக்கும். வட்டிக் கணக்கு ஒன்றின் விடை 99999.998 என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனையைச் சோதிக்கும்போது எக்செல் உள்ளே இருக்கும் உண்மையான எண்ணையே பார்க்கிறது. அது லட்சத்துக்குக் குறைவு, எனவே மூன்றாவது பகுதிக்குப் போகிறது. காட்டும்போது இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கி 100,000.00 என்று காட்டிவிடுகிறது. பட்டியலில் எல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு வரி மட்டும் மேல்நாட்டு முறையில் நின்றால் காரணம் இதுவே. கணக்கிடும் சூத்திரத்தை `=ROUND(…,2)` என்று சுற்றிவிட்டால் தீர்ந்துவிடும். பணம் வரும் எந்தச் சூத்திரத்துக்கும் இந்தச் சுற்று நல்லது.

தமிழில் எழுத்தாக்குவது ஏன் தனி வேலை

ஆங்கிலத்துக்கென எழுதிய சூத்திரத்தை எடுத்து, சொற்களை மட்டும் தமிழாக்கினால் “ஒன்று லட்சம் இருபது ஒன்று ஆயிரம்” என்று வரும். ஆங்கிலத்தில் ஒரு எண்ணுப் பெயர் எங்கே வந்தாலும் ஒரே உருவம். தமிழில் அது நிற்கும் இடத்தைப் பார்த்து மாறும். 21 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியே நின்றால் இருபத்தொன்று. லட்சத்துக்கும் கோடிக்கும் முன்னால் இருபத்தொரு. ஆயிரத்தோடு சேர்ந்தால் இருபத்தோராயிரம். ஆக ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று வடிவங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்குமேல், ஒவ்வோர் அலகும் தனக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்து முடியும். பின்னால் எதுவும் இல்லையென்றால் கோடி, லட்சம், ஆயிரம், நூறு. பின்னால் தொகை தொடர்ந்தால் கோடியே, லட்சத்து, ஆயிரத்து, நூற்று. “ஐந்து லட்சத்து மட்டும்” என்று அச்சாகும் காசோலைகள் இந்த ஒரு சோதனையை விட்டதால் வருபவை. வங்கிக்காரர் அதைப் பார்த்தால் லட்சத்துக்குப் பிறகு ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் நினைப்பார். அது நியாயமான சந்தேகமே.

சொல் அட்டவணை

இந்தச் சொற்களை மேக்ரோவுக்குள் எழுத முயல வேண்டாம். எக்செல்லின் விபிஏ சாளரம் யூனிகோட் தமிழை ஏற்காது, ஒட்டிய சொற்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கட்டங்களில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பிழை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தவும் முடியும்.

கோப்பில் `Sol` என்று ஒரு தாள் சேருங்கள். A1 முதல் A100 வரை 0 முதல் 99 வரை எண்கள். B நெடுவரிசையில் தனிநிலைச் சொற்கள். B1ஐ (சுழியத்துக்கு எதிரே) காலியாக விடுங்கள். 1 முதல் 20 வரை கையால் எழுத வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

அடுத்து 21 முதல் 29 வரை: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பேச்சில் “இருபத்தி ஒன்று”, “இருபத்தி மூன்று” என்கிறோம். எழுத்தில் அந்த இகரத்துக்கு இடமில்லை. இருபத்து என்பதோடு அடுத்த சொல்லின் உயிர் சேரும்போது கடைசி உகரம் போய் அந்த உயிர் ஏறுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஒன்பது சொற்களையும் சரியாக எழுதிவிட்டால் மீதி எழுபதில் பெரும்பாலானவற்றைத் தட்ட வேண்டாம். 30, 40, 50, 60, 70, 80, 90 ஆகியவற்றை மட்டும் முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு என்று எழுதிவிட்டு, 31க்கு எதிரே உள்ள B32இல் இதை இட்டு ஒன்பது கட்டங்களுக்கு இழுங்கள்:

```
=SUBSTITUTE(B22,"இருபத்","முப்பத்")
```

நாற்பதுகளுக்கு B42இல் இதையே எழுதி, “முப்பத்” என்ற இடத்தில் “நாற்பத்” என்று இடுங்கள். இப்படியே ஐம்பத், அறுபத், எழுபத், எண்பத். ஆனால் B22 என்பது மாறாமல் இருக்க வேண்டும். மேலே உள்ள சூத்திரத்தைப் படியெடுத்து ஒட்டினால் அது B32 ஆகிவிடும், அங்கே “இருபத்” இருக்காது, மாற்றமும் நடக்காது. தொண்ணூறுகளில் தகரத்துக்குப் பதில் றகரம் வருவதால் ஓர் எழுத்து கூடுதலாக மாற்ற வேண்டும். B92இல்:

```
=SUBSTITUTE(B22,"இருபத்த","தொண்ணூற்ற")
```

தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்று ஒன்பதும் சரியாக விழும்.

C நெடுவரிசை லட்சத்துக்கும் கோடிக்கும் முன்னால் வரும் வடிவம். இதில் 1இல் முடியும் எண்கள் மட்டுமே மாறும். C2இல் “ஒரு” என்று கையால் எழுதுங்கள். C3 முதல் C100 வரை:

```
=SUBSTITUTE(B3,"ொன்று","ொரு")
```

D நெடுவரிசை ஆயிரத்தோடு சேர்ந்த வடிவம். இங்கே தமிழ் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எந்த எண்ணுப் பெயரை எடுத்தாலும் அது உகரத்தில்தான் முடிகிறது. ஆயிரம் சேரும்போது அந்த உகரம் போய் ஆகாரம் ஏறுகிறது: இரண்டு, இரண்டாயிரம். நாற்பது, நாற்பதாயிரம். தொண்ணூறு, தொண்ணூறாயிரம். யூனிகோடில் “டு” என்பது “ட”வும் உகரக் குறியும் என இரண்டு எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், கடைசி ஓர் எழுத்தை வெட்டினால் உகரம் மட்டும் போய்விடும். D2இல் “ஓராயிர” என்று எழுதுங்கள். D3 முதல் D100 வரை:

```
=IF(MOD(A3,10)=1,SUBSTITUTE(B3,"ொன்று","ோராயிர"),
 LEFT(B3,LEN(B3)-1)&"ாயிர")
```

கடைசி “ம்” வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அது “ம்” ஆகுமா, “த்து” ஆகுமா என்பது பின்னால் வரும் தொகையைப் பார்த்துத்தான் தெரியும். நாலாயிரம், ஐயாயிரம் என்ற வடிவங்கள்தான் உங்கள் அலுவலக வழக்கம் என்றால் D5, D6 கட்டங்களில் நாலாயிர, ஐயாயிர என்று நேரே எழுதிக்கொள்ளலாம்.

நூறுகளுக்கு F, G நெடுவரிசைகள். F1, G1 காலி. F2 முதல்: நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். G2 முதல் தொடரும் வடிவம்: நூற்று, இருநூற்று, முந்நூற்று, நானூற்று, ஐந்நூற்று, அறுநூற்று, எழுநூற்று, எண்ணூற்று, தொள்ளாயிரத்து. மூன்று நூறு என்பது முந்நூறு. முன்னூறு என்று எழுதினால் “முன்னால் உள்ள நூறு” என்றாகிவிடும்.

1இல் முடியும் எண்கள் மாறாமல் “இருபத்தொன்று லட்சம்” என்று வந்தால், எழுத்துரு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே குறியீடு வேறாக இருக்கிறது என்று பொருள். சில பழைய தட்டச்சுக் கருவிகள் ஒகரக் குறியை எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். ஒரு கட்டத்தில் “தொ” என்று மட்டும் தட்டி `LEN` போட்டுப் பாருங்கள். 2 வந்தால் சரி. 3 வந்தால் அந்தக் கருவியை விட்டு வேறு விசைப்பலகையில் அட்டவணையைத் தட்டுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய சொற்களோடு இந்தச் சூத்திரங்கள் வேலையே செய்யாது.

தொகையைப் பிரிப்பது

இனி வேலைத் தாள். A2இல் தொகை. மற்ற நெடுவரிசைகளில் அதைத் துண்டாக்குகிறோம். எல்லாவற்றையும் ஒரே நீண்ட சூத்திரத்தில் அடைக்க முடியும்தான். ஆனால் தவறு வந்தால் எங்கே என்று தெரியாது, எனவே தனித்தனியாக வைப்பதே மேல்.

```
B2  =ROUND(A2*100,0)
C2  =INT(B2/100)
D2  =B2-100*C2
E2  =INT(C2/10000000)
F2  =INT(C2/100000)-100*E2
G2  =INT(C2/1000)-100*INT(C2/100000)
H2  =INT(C2/100)-10*INT(C2/1000)
I2  =C2-100*INT(C2/100)
```

B மொத்தப் பைசா, C முழு ரூபாய், D மீதிப் பைசா. பிறகு கோடி, லட்சம், ஆயிரம், நூறு, கடைசி இரண்டு இலக்கம். முதலில் முழுவதையும் பைசாவாக்கி முழுமையாக்குவது ஏன் என்று கேட்கலாம். வெற்றுக் கட்டம் ஒன்றில் `=INT((1000.29-1000)*100)` என்று இட்டுப் பாருங்கள். 29 வர வேண்டிய இடத்தில் 28 வரும். கணினி தசமங்களை இரும எண்ணில் வைப்பதால் 1000.29 என்பது உள்ளே மயிரிழை குறைவாக இருக்கிறது, `INT` அதைக் கீழே தள்ளிவிடுகிறது. எண்ணில் 29 பைசா, எழுத்தில் 28 பைசா என்று அச்சாகும் காசோலை இப்படித்தான் பிறக்கிறது.

சேர்ப்பது

```
J2  =IF(E2=0,"",INDEX(Sol!$C$1:$C$100,E2+1)&" கோடி"
     &IF(C2>10000000*E2,"யே ",""))
K2  =IF(F2=0,"",INDEX(Sol!$C$1:$C$100,F2+1)&" லட்ச"
     &IF(1000*G2+100*H2+I2>0,"த்து ","ம்"))
L2  =IF(G2=0,"",INDEX(Sol!$D$1:$D$100,G2+1)
     &IF(100*H2+I2>0,"த்து ","ம்"))
M2  =IF(H2=0,"",IF(I2>0,INDEX(Sol!$G$1:$G$10,H2+1)&" ",
     INDEX(Sol!$F$1:$F$10,H2+1)))
N2  =INDEX(Sol!$B$1:$B$100,I2+1)&""
```

ஒவ்வொரு துண்டும் இரண்டு கேள்விகள் கேட்கிறது. நான் சுழியமா? அப்படியென்றால் வாய் திறப்பதில்லை. எனக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தொடரும் வடிவம், இல்லையென்றால் முற்றும் வடிவம். N2இன் கடைசியில் உள்ள `&""` தேவையற்றதுபோல் தெரியும். அதை எடுத்துவிட்டால் காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எழுதி, “ஐந்து லட்சம்0 மட்டும்” என்று முடிக்கும்.

அடுத்தது சந்தி. ஆயிரத்து, நூற்று போன்றவற்றுக்குப் பின்னால் பகரமோ தகரமோ வந்தால் ஒற்று மிக வேண்டும்: ஆயிரத்துத் தொள்ளாயிரம், நூற்றுப் பத்து. எண்ணுப் பெயர்களில் இப்படி மிகுவதற்கு வாய்ப்புள்ளவை இந்த இரண்டு எழுத்துகள் மட்டுமே என்பதால் இரண்டு மாற்றம் போதும்.

```
O2  =SUBSTITUTE(SUBSTITUTE(J2&K2&L2&M2&N2,
     "ு ப","ுப் ப"),"ு த","ுத் த")
P2  =IF(NOT(ISNUMBER(A2)),"எண் இல்லை",
     IF(OR(C2<1,C2>999999999),"வரம்பு மீறல்",
     O2&IF(D2>0," பைசா "&INDEX(Sol!$B$1:$B$100,D2+1),"")
     &" மட்டும்"))
```

பைசாவைச் சந்திக்குப் பிறகே சேர்க்கிறோம். இல்லையென்றால் “பத்துப் பைசா” என்று ரூபாயின் பத்து, பைசாவோடு ஒட்டிக்கொள்ளும். “பைசா” என்ற சொல்லை எண்ணுக்கு முன்னால் வைத்ததும் அதே கவலையால்தான். “இருநூறு ஐம்பது பைசா” என்று எழுதினால் இருநூற்றைம்பது பைசா என்று படிக்க இடமுண்டு. “இருநூறு பைசா ஐம்பது” என்றால் ரூபாய் எங்கே முடிந்தது என்பதில் ஐயமில்லை.

இந்த அமைப்பு 99,99,99,999 ரூபாய் வரை செல்லும். வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து ஒட்டிய தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்திருந்தால் “எண் இல்லை” என்று நின்றுவிடும். `=VALUE(SUBSTITUTE(A2,",",""))` என்று வேறு கட்டத்தில் மாற்றி, அந்த விடையை மதிப்பாக ஒட்டுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன 1,21,40,905.50ஐ A2இல் இட்டால், E முதல் I வரை 1, 21, 40, 9, 5 என்று பிரியும். D2இல் 50. ஒரு கோடிக்குப் பின்னால் தொகை இருப்பதால் “ஒரு கோடியே”. 21 லட்சத்துக்கு `Sol` தாளின் C நெடுவரிசையிலிருந்து “இருபத்தொரு லட்சத்து”. 40க்கு அதே தாளின் D நெடுவரிசையின் “நாற்பதாயிர” வந்து “த்து” சேரும். தொள்ளாயிரத்தின் தகரத்துக்காக முன்னால் ஒற்று மிகும். P2இல் கிடைப்பது: ஒரு கோடியே இருபத்தொரு லட்சத்து நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து பைசா ஐம்பது மட்டும்.

உண்மையான காசோலைக்குப் போகுமுன் சில எண்களை ஓட்டிப் பாருங்கள். மிகச் சிறந்த சோதனை 11,11,111. “பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று மட்டும்” என்று வர வேண்டும். பதினொன்றின் மூன்று வடிவங்களும் சந்தியும் அதில் ஒருங்கே இருப்பதால், அது சரியாக வந்தால் பெரும்பாலும் எல்லாமே சரி. 5,00,000 “ஐந்து லட்சம் மட்டும்” என்று முடிய வேண்டும். 1,00,00,001 “ஒரு கோடியே ஒன்று மட்டும்” என்று நடுவில் உள்ள சுழியங்களைத் தாண்ட வேண்டும். 90,900 “தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்”. 1000.29இல் பைசா இருபத்தொன்பதாக இருக்க வேண்டும்.

காசோலையில் இடும்போது

காசோலையைத் தமிழில் எழுதலாம். ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி எதிலும் வாடிக்கையாளர் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தொகை எழுதும் வரியின் தொடக்கத்தில் “ரூபாய்” என்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதனால்தான் P2இல் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. ரசீதுக்கோ வவுச்சருக்கோ பயன்படுத்தினால் முன்னால் “ரூபாய் ” என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சான சொல்லை ஒட்டியே எழுத்தைத் தொடங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்கு அட்டவணை “ஓராயிரம்” என்று தருவதற்கும் இதுதான் காரணம். “ஆயிரம்” என்று மட்டும் எழுதி முன்னால் ஒரு விரல் இடம் விட்டால், அந்த இடத்தில் இன்னொருவர் “ஐம்பது” என்று எழுதிவிட முடியும். நூறுக்கு முன்னால் “இரு” சேர்ப்பதும் அப்படியே. எண்களுக்கான பெட்டியிலும் ரூபாய்க் குறியை ஒட்டித் தொடங்கி, பைசா இல்லையென்றால் இறுதியில் /- இட்டு மூடுங்கள். எழுத்து வரியில் “மட்டும்” என்பதற்குப் பின்னால் மிஞ்சும் இடத்தில் கோடு போட்டுவிடுங்கள்.

எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆனால் நடைமுறையில் அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். தீர்வகத்தில் அப்படிப்பட்ட காசோலை, வேறுபாடு என்ற காரணம் குறித்துத் திருப்பி அனுப்பப்படும். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திடுவதும் பயன்படாது. காசோலையின் படத்தை வைத்துத் தீர்க்கும் சிடிஎஸ் முறையில் பெயரையோ தொகையையோ திருத்திய காசோலை ஏற்கப்படுவதில்லை. புதிய தாள்தான் எழுத வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பாசிட்டிவ் பே முறையில், ஐம்பதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கலாம். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கலாம். அங்கே தட்ட வேண்டியது எண். அதை நினைவிலிருந்து தட்டாமல் A2 கட்டத்திலிருந்தே எடுங்கள். காசோலையின் எண், எழுத்து, வங்கிக்குச் சொன்ன தொகை மூன்றும் ஒரே கட்டத்திலிருந்து வந்தவையாக இருக்கும்.

அச்சுப்பொறியில் இடுபவர்கள் முதலில் வெள்ளைத்தாளில் அச்சிட்டு, காசோலையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அகலமானது. 99,99,99,999.99 என்ற தொகையை A2இல் இட்டு, P2இல் வரும் எழுத்து இரண்டு வரிக்குள் தாராளமாக அடங்கும்படி எழுத்தின் அளவை அமைத்தால் மற்றத் தொகைகளும் பெரும்பாலும் வெளியே வழியாது. காசோலையின் அடிப்பகுதியில் காந்த மையால் அச்சான எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் எதுவும் விழக்கூடாது.